பறைக்கு எதுகை எது?



நினைவுப் பொழிவு என்றால் மறைந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி, அவருடைய கனவைச் சொல்லி முடிப்பது வழக்கம். நான் இன்று ஒரு பாட்டு நோட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். நாம் யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன் பாட்டு எழுதும்போது நோட்டின் வலப்பக்கத்தில்தான் பாட்டை எழுதுவார். இடப்பக்கம் முழுக்க ஒற்றைச் சொற்களாக நிறைந்திருக்கும். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதி, பாதியை அடித்து, சிலவற்றைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார். "என்னண்ணே இது, பலசரக்குக் கடைச் சீட்டு மாதிரி?" என்று ஒருமுறை கேட்டேன். "பாட்டுக்கு எதுகை தேடுறேன், எதுகையைத் தேடினா வேற ஏதோ கிடைக்குது" என்றார். அந்த வேற ஏதோவைப் பற்றித்தான் என் பேச்சு.

நம் பாடல்களில் அதிகம் வரும் சொற்களில் ஒன்று பறை. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு எதுகையாக எந்தெந்தச் சொற்கள் வரும், அவற்றில் எதை எடுக்கலாம், எதைத் தள்ள வேண்டும் என்று பார்ப்போம். இது யாப்பு வகுப்புப் போலத் தோன்றலாம். ஆனால் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று யார் முடிவு செய்தார்கள் என்பது வரலாற்றுக் கேள்வி.

முதலில் பழைய கணக்கு. அடிகளின் முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை, அடிகளின் இறுதி ஒத்துவந்தால் இயைபு. தொல்காப்பியச் செய்யுளியல் இவற்றை வகுத்துச் சொல்கிறது. அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறது: மோனைக்கும் எதுகைக்கும் அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை, அதன் கிளையெழுத்தும் வரலாம் என்கிறது. கிளை என்றால் சுற்றம், உறவு. முழுதாக ஒக்காத ஒலியை உறவுக்காரன் என்று சொல்லித் திண்ணையில் உட்கார வைக்கிறது அந்த நூல்.

பல நூற்றாண்டுகள் கழித்து, சுமார் 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, சமண ஆசிரியர் அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகை எழுதுகிறார். காரிகையும் அதன் உரையும் உறவுகளை விரிவாகப் பிரித்துப் பெயரிடுகின்றன. இரண்டாம் எழுத்தின் மெய் அதுவாகவே இருந்து உயிர் மட்டும் மாறினால் வருக்க எதுகை. வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம், இடையினத்துக்கு இடையினம் வந்தால் இன எதுகை. மெய் வேறாகி உயிர் மட்டும் ஒத்தால் உயிர் எதுகை. இவற்றுக்கு மேல் ஒரு தரவரிசையும் உண்டு. சீர் முழுக்க ஒத்தால் தலையாகு எதுகை. இரண்டாம் எழுத்து மட்டும் ஒத்தால் இடையாகு எதுகை. உறவாக மட்டும் வருவது கடையாகு எதுகை. தலை, இடை, கடை என்ற சொற்களைக் கேட்டதும் நமக்கு வேறு ஞாபகம் வரும். அதற்காக இலக்கணத்திலிருந்து சாதியைப் பிழிந்தெடுக்க நான் முயலவில்லை. தமிழில் எதைத் தரம் பிரித்தாலும் இந்த மூன்று சொற்கள்தான் வரும். கிளை என்று சொன்ன இடத்தில் பின்னாளில் கடை என்ற சொல் வந்து உட்கார்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சில் அது திரும்ப வரும்.

இந்த வகைப்பாட்டைத் திட்டி ஒதுக்கிவிடவும் வேண்டாம். சொல் தேட இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் பாட்டு எழுதுகிறவர்கள் ரைமிங் டிக்ஷனரி என்று தனி அகராதியே வைத்திருக்கிறார்கள். நாம் வழக்கமாகப் புரட்டும் அகராதி முதலெழுத்து வரிசையில் இருப்பதால் மோனைக்கு உதவும், எதுகைக்கு உதவாது. அதை வைத்துக்கொண்டு எதுகையை நாமே பட்டியல் போட்டுத்தான் தேட வேண்டும். அண்ணனின் இடப்பக்கம் அப்படி வந்ததுதான்.

போடுவது எளிது. பறை என்ற சொல்லில் 'றை'யை அசைக்காமல் வையுங்கள். முன்னால் இருக்கும் குறிலை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். அறை, இறை, உறை, கறை, குறை, சிறை, திறை, துறை, நிறை, பிறை, மறை, முறை. ஐந்து நிமிடத்தில் ஒரு டஜன் சொல் வந்துவிடும். இது முதல் பத்தி.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாறை இந்தப் பத்தியில் வராது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும் என்பது விதி. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். புதிதாக எழுத வருகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். தாளில் பார்த்தால் பறையும் பாறையும் அண்ணன் தம்பி போல இருக்கும். கையால் தாளம் தட்டிச் சொல்லிப் பாருங்கள். ஒன்று விழுந்த இடத்தில் இன்னொன்று விழாது, அரைத் தட்டு பிந்தும். பாடகர் இழுத்துச் சரிசெய்துவிடுவார் என்று நினைப்பதும் ஆபத்து. தமிழில் குறிலை இழுத்தால் பொருள் மாறிவிடும். 'கடை' என்று எழுதி இழுவையான மெட்டில் போட்டால் மேடையில் 'காடை' பறக்கும்.

முதல் பத்தியைத் திரும்பப் பாருங்கள். நம் மேடைப் பாடல்களில் பறைக்கு அடுத்த அடியில் என்ன வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: சிறை, இல்லையென்றால் கறை. ஒரு பயிலரங்கில் மாணவர்களிடம் எழுதச் சொன்னபோது கிடைத்தது இப்படி இருந்தது:

பறை முழங்க எழுவோம்
சிறை உடைத்து வருவோம்
கறை துடைத்து வெல்வோம்

எதுகையில் குற்றமே இல்லை, தாளமும் சரி. ஆனால் எந்தச் சிறை? அந்தத் தெருவில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. கறை யாருடையது? துடைக்க வேண்டிய கறை நம்மேல் இருக்கிறது என்று நம் வாயாலேயே ஒப்புக்கொள்வதா? எழுதிய பையன் அப்படி நினைக்கவே இல்லை. முதல் பத்தியில் கைக்குக் கிடைத்த சொல் அவனுக்காக நினைத்துவிட்டது.

அடி இறுதியையும் பாருங்கள்: எழுவோம், வருவோம், வெல்வோம். இதுவும் இயைபுதான், ஆனால் விலை மலிந்த இயைபு. தமிழில் வினையின் விகுதி கடைசியில் வருகிறது. எந்த வினையை எடுத்து 'ஓம்' ஒட்டினாலும் அடுத்த அடியோடு ஒத்துப்போகும். ஒத்து நிற்பது விகுதி மட்டுமே, சொல் அல்ல. எதுகை அப்படியில்லை. அது சொல்லின் தலைப்பக்கத்தில், வேர் இருக்கும் இடத்தில் விழுவதால் சொல்லையே மாற்றினால்தான் கிடைக்கும். கேட்கிறவர்களுக்கு இந்த இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது 'ஓம்' வருவதற்குள் அவர்கள் கவனம் டீக்கடைப் பக்கம் போய்விடும். அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது இரண்டாம் பத்திக்கு வருவோம். கரை, தரை, திரை, நரை, நுரை, வரை, உரை, அரை, இரை. எழுத்து வேறு: இங்கே இருப்பது இடையின ர, பறையில் இருப்பது வல்லின ற. இலக்கணக் கணக்கில் இவற்றுக்கு இன உறவு கிடையாது. ஐகாரம் பொதுவாக இருப்பதால் உயிர் எதுகை, அதாவது கடையாகு எதுகை. ஆனால் சொல்லிப் பாருங்கள்: பறை, தரை. உங்களில் எத்தனை பேருடைய வாயில் இந்த இரண்டு 'ர'வும் வேறாக ஒலிக்கிறது? குமரிப் பக்கத் தோழர்கள் கையைத் தூக்கலாம், அங்கே இன்னும் வேறுபாடு இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. காதுக்கு இது முழு எதுகை. ஏட்டில் கடையாக இருப்பது காதில் தலையாக இருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. இலக்கணம் ற-வை க, ச, ட, த, ப-வோடு சேர்த்து வல்லினம் என்று வைத்தது. அந்த வரிசை அமைந்த காலத்தில் ற என்பது நாக்கு முட்டி நின்று வெடிக்கும் ஒலியாக இருந்திருக்க வேண்டும். பிறகு வாய் மாறியது. தனித்து வரும் ற உருண்டு ர-வாகிவிட்டது. எழுத்தும் இலக்கணமும் பழைய வாயின்படியே நின்றுவிட்டன. எனவே யாராவது பறைக்குத் தரை எதுகை ஆகாது என்றால் அவர் இல்லாத ஒரு வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார் என்று பொருள்.

எழுத்தில் வேறாகவும் பேச்சில் ஒன்றாகவும் இருக்கும் சொற்கள் இந்த ஒரு இடத்தில் மட்டும் இல்லை. வயல் வேலையில் பாடுகிற பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். காற்று என்று எழுதுகிறோம், காத்து என்று சொல்கிறோம். நாற்று நாத்து ஆகிறது, பார்த்து பாத்து ஆகிறது, சேர்த்து சேத்து ஆகிறது. ஏட்டில் காற்றும் பார்த்தும் ஒத்துப்போகாது. நடவு வயலில் காத்து, நாத்து, பாத்து, சேத்து எல்லாம் ஒரே வரிசையில் குனிந்து நிற்கும். எழுதப் படிக்க விடாமல் வைக்கப்பட்டிருந்த பெண்கள் கட்டிய பாட்டில் எதுகை இல்லை என்று சொன்னவர்கள் பாட்டைக் காதால் கேட்கவில்லை. செந்தமிழில் எழுதிப் பார்த்து, எழுத்தை எண்ணியிருக்கிறார்கள்.

பேச்சொலியை அப்படியே அச்சில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சந்தையிலும் திருவிழாவிலும் சல்லிக் காசுக்கு விற்ற சிந்து, கும்மிப் புத்தகங்களைச் சொல்கிறேன். சென்னை குஜிலிக் கடைத்தெருவின் பெயரால் குஜிலி இலக்கியம் என்று அழைக்கப்பட்டவை அவை. தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் மெட்டு என்று போட்டிருப்பார்கள். தெரிந்த மெட்டில் புதுச் செய்தியைப் பாடிக்கொள்ளலாம். அவற்றின் எழுத்துப்பிழைகளைப் பலர் கேலி செய்திருக்கிறார்கள். அந்தப் பிழைகளில் ஒரு பகுதி எதுகைக்காகக் காதில் விழுந்தபடி எழுதியது என்பது என் எண்ணம். பின்னர் இன்குலாப் 'மனுசங்கடா' என்று எழுதி, கே.ஏ. குணசேகரன் அதை மேடை மேடையாகப் பாடியபோது, தலைப்பிலேயே அந்த வாய் வந்து நின்றது. 'மனிதர்களடா' என்று எழுதியிருந்தால் அந்தப் பாட்டு இல்லை.

மூன்றாம் பத்தி இன எதுகை. ற வல்லினம் என்பதால் மற்ற வல்லினங்கள் உள்ளே வரும். கடை, தடை, படை, நடை, உடை, குடை, விடை, எடை. பிறகு கதை, விதை, சதை, உதை. இசை, திசை, விசை. பகை, புகை, நகை, தொகை. திடீரென்று வீடு பெரிதானது போல இருக்கிறது அல்லவா? முதல் பத்தியில் இல்லாத உலகமே இங்கே இருக்கிறது. கடை இருக்கிறது, விதை இருக்கிறது, உதை இருக்கிறது. ஆனால் இலக்கணம் வல்லினம் எல்லாவற்றையும் ஒரே உறவாகத்தான் எண்ணும், காது அப்படி எண்ணாது. ற, ட இரண்டுக்கும் நாக்கு நுனி மேலே எழ வேண்டும், எனவே பறை, கடை நெருக்கமான சொந்தம். பகையில் உள்ள க தொண்டைப் பக்கம் பிறக்கிறது. பறை, பகை என்று சொன்னால் சேர்வது போலவும் இருக்கும், சேராதது போலவும் இருக்கும். அதற்கு வேறு தாங்கல் தேவை. இந்த இணையில் இரண்டும் ப-வில் தொடங்குவதால் மோனை தாங்கிக்கொள்கிறது. புகைக்கும் பிழைத்துக்கொள்ள இடமுண்டு. நகை, தொகை போன்றவை தனியாக நின்றால் விழுந்துவிடும்.

நான்காம் பத்தியில் ஐகாரம் மட்டுமே பொது: தலை, கொலை, விலை, உலை, வலை, நிலை, மலை. காது இதைப் பிடித்துக்கொள்ள மெட்டும் உதவ வேண்டும், அந்த ஐகாரத்தில் மெட்டு நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மெட்டில் இது கரைந்துவிடும். இன்று ராப் பாடுகிற நம் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் இதைத்தான், ஆனால் அடியின் வாலில் செய்கிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் ஒன்றாக நின்றன. மெய்யெழுத்துகளை விட்டுவிட்டு உயிரோசையை மட்டும் பிடித்து, ஒரு எழுத்தாக இல்லாமல் இரண்டு மூன்று எழுத்துகளுக்கு அதைத் தொடர்ச்சியாக ஒக்க வைப்பது ராப்பின் முறை. அது தமிழுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம்தான். ஆனாலும் உயிர் எதுகை என்ற பெயர் நம்மிடம் ஆயிரம் வருடமாக இருக்கிறது.

பத்திகள் தயார். எதை எடுப்பது? இதற்கு முன் பறை என்ற சொல்லே எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். நம் இயக்கத்தில் இது தீராத வாதம். ஊர்ச் சாவுக்குப் பறையடிப்பது கலை அல்ல, கட்டாயம். மறுத்தால் அடி விழும். தென்னார்க்காடு பகுதியில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மறுக்கச் சொல்லி நின்றது அதனால்தான். அந்தத் தலைமுறையின் காதில் பறைக்குப் பக்கத்தில் ஒலித்தது 'முறை'. இன்று உன் முறை, நாளை அவன் முறை என்ற முறை. அம்பேத்கர் நூற்றாண்டுக்குப் பின் 1990களில் தலித் கலைவிழாக்கள் நடந்தபோது அதே பறை மேடைக்கு வந்தது. விடுதலைக் கருவி என்றோம், ஆதி இசை என்றோம். இப்போது பக்கத்தில் இசையும் திசையும் விசையும் வந்து நின்றன. முறை முழு எதுகை, இசை கிளை எதுகை என்பது தற்செயல்தான். நான் பாடல்களைக் கணக்கெடுத்துச் சொல்லவில்லை. ஆனால் பறை–முறை என்று எழுதுகிறவர் ஒரு வரலாற்றில் நிற்கிறார், பறை–இசை என்று எழுதுகிறவர் இன்னொரு வரலாற்றில் நிற்கிறார். இரண்டையும் தெரியாமல் ஒரே சரணத்தில் போடுகிறவர் எங்கேயும் நிற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தச் சேரி இளைஞர்கள் ஊர்ச் சாவுக்கு இனி பறையடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். மறுநாள் ஊருக்குள் இருந்த மளிகைக் கடையில் அவர்களுக்குச் சாமான் கிடையாது என்றார்கள். மனு கொடுத்தார்கள், ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நடந்தார்கள், பதிலே இல்லை. போராட்டத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று எங்களை அழைத்தார்கள். நான் மேலே சொன்ன சிறை, கறை வரிகள் அங்கே எழுதப்பட்டவைதான். தெருவிளக்கடியில் உட்கார்ந்து, அவற்றை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினோம்.

முதல் அடி தானாக வந்தது. நடந்ததை நடந்தபடி ஒரு பையன் சொன்னான்: பறைய வச்சோம் தரையில. பறையும் தரையும் ஒரே அடிக்குள் காதால் சேர்ந்துகொண்டன. அடுத்த அடியின் தலையில் என்ன போடுவது? சிறைய, முறைய, குறைய என்று முதல் பத்தியிலிருந்து ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நடந்தது என்ன என்று கேட்டேன். கடையை அடைத்தார்கள். அப்படியானால் கடைய. ற-வுக்கு ட, வல்லின எதுகை, எழுத்தளவும் ஒன்றே. நாங்கள் தேடிய உண்மை மூன்றாம் பத்தியில் இருந்தது. முழு எதுகையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடை பாட்டுக்குள் வந்தே இருக்காது. கடைய என்று தொடங்கியதும் 'கண்ணெதிர' என்ற சொல் மோனைக்காக வந்தது. ஆனால் அது மோனைக்காக மட்டும் வரவில்லை. கடைக்காரர் அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் பலகையைப் போட்டாராம்.

மூன்றாம் அடிக்கு நடையா நடந்தோம் என்பது ஊர் வழக்கிலேயே இருக்கிறது, கடையோடும் சேர்ந்துவிடும். நான்காம் அடியில்தான் நெடுநேரம் நின்றோம். ஒரு மாணவி "விடைய காணோம்" என்றாள். எதுகை நன்றாக விழுந்தது. ஆனால் மனுவுக்கு விடை வரவில்லை என்று அந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். விடை என்பது தேர்வுத்தாளில் இருக்கும் சொல். மனுவுக்கு வராமல் போவது பதில். பதில் என்று போட்டால் கடை, நடையோடு உள்ள ஐகார ஒப்பு போய்விடுகிறது. வல்லின உறவு மட்டும் மிஞ்சுகிறது. பாடிப் பார்த்தோம். முதல் அடியின் பறையும் நான்காம் அடியின் பதிலும் ப-வில் தொடங்குவதால் பாட்டு ஒரு சுற்று சுற்றி வீட்டுக்கு வந்தது போல இருந்தது. எதுகை இளைத்த இடத்தை மோனை நிரப்பியது. கடைசியில் இப்படி நின்றது:

பறைய வச்சோம் தரையில
கடைய அடைச்சான் கண்ணெதிர
நடையா நடந்தோம் மனுவோட
பதில காணோம் இதுவர

இதைப் பெரிய கவிதை என்று சொல்லவில்லை. நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து வல்லினம் என்பதையும், நான்கும் குறிலில் தொடங்குவதையும், கண்ணெதிர, இதுவர இரண்டும் விகுதியால் அல்லாமல் சொல்லாலேயே ஒத்து முடிவதையும் பாருங்கள். கடைய, நடையா இரண்டையும் தவிர ஓர் இடத்திலும் முழு எதுகை இல்லை. காரிகையின் தரப்படி மற்றதெல்லாம் கடை. பொய்யான சொல்லும் ஒன்றுகூட இல்லை.

பேச்சு வழக்கில் எழுதுவதென்று தொடங்கினால் கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும் என்பதையும் அன்றுதான் சரியாகக் கற்றோம். பேச்சில் ஐகாரம் தேய்ந்து பற, தர, கட என்றாகும். அதோடு முதலெழுத்தும் நகரும்: விலை வெல ஆகும், சிறை செற ஆகும், முறை மொற ஆகும், குடை கொட ஆகும். தாளில் 'விலை'யையும் 'விதை'யையும் இ-கர மோனை என்று நம்பி எழுதினால் வாயில் இரண்டுமே 'வெ' என்றாகும், நஷ்டமில்லை. ஆனால் ஓர் அடியில் 'காத்து' என்றும் அடுத்த அடியில் 'நாற்று' என்றும் போட்டால் பாடுகிறவர்கள் எதைப் பாடுவதென்று தெரியாமல் முணுமுணுப்பார்கள். கூட்டமாகப் பாடும்போது ஓர் இடத்தில் மட்டும் குரல் தணிந்தால் அங்கே சொல் தவறாக விழுந்திருக்கிறது என்று அறியலாம். வேறு சோதனை எதுவும் எனக்குத் தெரியாது.

அன்றிரவு அப்படி ஓர் இடம் இருந்தது. இரண்டாம் அடி. இளைஞர்கள் உரக்கப் பாடினார்கள், பெண்கள் பக்கம் குரல் தணிந்தது. எதுகையில் கோளாறா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு கவனித்தேன்: முன்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர், அந்தக் கடைக்காரர் வீட்டு வயலில் முப்பது வருடம் வேலை செய்தவர், 'அடைச்சான்' என்று பாடவில்லை, 'அடைச்சாரு' என்று பாடினார். ஓர் அசை கூடிவிட்டது. தாளம் அங்கே இடித்தது, அவரும் நின்றுவிட்டார். இரண்டாம் முறையும் அப்படியே ஆனது. பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நான் சொல்லை மாற்றிவிடலாமா என்று நோட்டை எடுத்தேன். மூன்றாம் முறை அவர் கையைத் தட்டி, கொஞ்சம் மெதுவாக, ஆனால் தாளத்தில் சரியாக, 'அடைச்சான்' என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டேன்.